பேலட் சரக்கு: கார்னர் போர்டு, ஸ்ட்ராப், ஃபிலிம் போட்டுக் கட்டி, போட்டும் குலுக்கியும் பார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் டிஸ்பேட்ச் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு பேலட் கட்டக் கற்றுக்கொடுக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கட்டி முடித்ததும் கையால் தட்டிப் பார்ப்பார்கள். "அண்ணா, கல்லு மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். அந்த நிமிடத்தில் அது உண்மைதான். ஆனால் லாரி பத்து கிலோமீட்டர் போனதுமே பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று அமுங்கி, அடுக்கின் உயரம் குறைந்துவிடும். உயரம் குறைந்தால் கட்டு தளரும். எனவே நாம் கட்ட வேண்டியது கண்முன் நிற்கும் அடுக்கை அல்ல, அமுங்கிய பிறகு இருக்கப்போகும் அடுக்கை. கீழே வரும் படிகளின் வரிசை இதை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்கிறேன். 14 கிலோ எடையுள்ள மோட்டார் பம்ப், பெட்டிக்கு ஒன்று. 1200 × 1000 மில்லிமீட்டர் மரப் பேலட்டில் ஓர் அடுக்குக்கு 10 பெட்டி, ஐந்து அடுக்கு, ஆக மொத்தம் 50 பெட்டி, 700 கிலோ. பெட்டி உயரம் 250 மி.மீ. என்பதால் பேலட்டையும் சேர்த்து 1400 மி.மீ. உயரம் வரும்.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பக்கமும் ஃபோர்க் நுழையும் மரப் பேலட் ஒன்று வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் திறந்த பேலட்டில் குறுக்கு ஸ்ட்ராப்பை நுழைக்க வழி இருக்காது. மேல்பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் அல்ல, ஒரு கட்டையைத் தேய்த்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் பேலட்டில், மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். முத்திரை இல்லாத பேலட்டில் கட்டிவிட்டால், துறைமுகத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்து வேறு பேலட்டுக்கு மாற்ற வேண்டிவரும்.

50 × 50 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள காகிதக் கார்னர் போர்டு, பெட் எனப்படும் பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கில் 16 மி.மீ. ஸ்ட்ராப், அதற்கேற்ற கிளிப், ஸ்ட்ராப்பை முடுக்கும் டென்ஷனர், கிளிப்பை அழுத்தி மூடும் சீலர், 23 மைக்ரான் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், மார்க்கர், அளவு டேப், தூக்குக் குண்டு. இவ்வளவு போதும்.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பட்டறையில் பலர் எந்த ஃபிலிமையும் 'ஷ்ரிங்க்' என்றே சொல்கிறார்கள். ஷ்ரிங்க் ஃபிலிம் சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது. ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சூடே இல்லாமல், இழுத்துச் சுற்றினால் ரப்பர் போலத் திரும்பச் சுருங்கப் பார்த்துப் பிடித்துக்கொள்வது. ஒரு தடவை எங்கள் இண்டென்ட்டில் 'ஷ்ரிங்க் ரோல்' என்று எழுதப்போய், சூடு காட்டும் ஃபிலிம் வந்து இறங்கிவிட்டது. இரண்டு நாள் லாரி நின்றது. அதிலிருந்து ஆர்டரில் 'சூடு இல்லாதது, கையால் சுற்றுவது, 23 மைக்ரான்' என்று முழுதாகவே எழுதுகிறோம்.

2. முதலில் ஒற்றைப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள்

பேலட்டைத் தொடுவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். பெட்டிக்குள் பம்ப் ஆடினால், வெளியே எவ்வளவு ஸ்ட்ராப் போட்டாலும் உள்ளே உடைவது உடையத்தான் செய்யும். அதோடு, உள் அட்டையை மாற்றினால் சில சமயம் பெட்டி அளவே மாறும். பெட்டி அளவு மாறினால் பேலட் அடுக்கும் மாறும். வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டாம்.

எவ்வளவு உயரத்திலிருந்து போடுவது என்பது எடையைப் பொறுத்தது. லேசான பெட்டியை ஆள் தூக்கி எறிவான், கனமானதை இடுப்பளவுக்குக்கூடத் தூக்கமாட்டான் என்பதே கணக்கு. இஸ்டா என்ற சர்வதேசப் பேக்கேஜிங் சோதனை அமைப்பின் 1ஏ முறையில் 10 முதல் 19 கிலோ வரை உள்ள பெட்டிக்கு 610 மி.மீ. அதற்கும் குறைந்த எடைக்கு 760 மி.மீ. 19 முதல் 28 கிலோ வரை 460 மி.மீ. நம் 14 கிலோ பெட்டிக்கு 610.

மொத்தம் பத்துத் தடவை போட வேண்டும். முதலில் ஒரு மூலை. அடுத்து அந்த மூலையில் வந்து சேரும் மூன்று விளிம்புகள். அப்புறம் ஆறு முகங்கள். மூலையைத் தேர்ந்தெடுக்கும்போது, பெட்டியை ஒட்டியிருக்கும் ஜாயின்ட் வந்து முடிகிற அடிமூலையை எடுங்கள். பெட்டி அங்கேதான் பலவீனம். ஆறு முகங்களிலும் மார்க்கரால் எண் எழுதிவிடுங்கள். மூன்றாவது தடவைக்குமேல் எது எந்தப் பக்கம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கையால் போடும்போது நடக்கும் தவறு, பெட்டியைத் தெரியாமலே லேசாகத் தள்ளிவிடுவது. அது சுழன்று, மூலையில் விழ வேண்டியது தட்டையாக விழும், அடி பரவிப்போகும். கயிற்றில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்ற பிறகு கயிற்றை அறுத்தால் நேராக விழும். மூலையும் பெட்டியின் கனமையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். பம்ப்பில் மோட்டார் பக்கம்தான் கனம், அதனால் இந்த மையம் பெட்டியின் நடுவில் இருக்காது. ஒவ்வொன்றையும் செல்போனில் ஸ்லோ மோஷனில் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக விழாததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விழும் இடம் சிமெண்ட் தரையோ இரும்புத் தகடோ ஆக இருக்கட்டும். ரப்பர் பாய் அடியை வாங்கிக்கொள்ளும்.

எங்கள் பெட்டி வெளியே பார்க்க மூலை நசுங்கியதோடு சரி. திறந்தால் ஃபேன் கவர் விரிசல். மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் கவருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 8 மி.மீ.தான் இடம் இருந்தது. விளிம்பில் விழுந்தபோது பம்ப் சறுக்கி வந்து கவர் முட்டியிருக்கிறது. கவருக்குப் பதிலாக மோட்டார் பாடியைத் தாங்கும்படி உள் அட்டையை மாற்றி, கவருக்கு 20 மி.மீ. இடம் விட்டோம். அடுத்த பத்தும் தப்பியது. வெளிப்பெட்டி நன்றாக இருக்கிறது என்று திறக்காமல் விட்டுவிடாதீர்கள். பம்ப்பை வெளியே எடுத்து, கையால் ஷாஃப்டைச் சுற்றி, கரண்ட் கொடுத்து ஓட்டியே பாருங்கள்.

3. அடுக்குவது

அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. நடுச்சுவர் கொஞ்சம் கனம் வந்தால் வளைந்துவிடும். ஆகவே மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலைமேல் நேராக உட்கார வேண்டும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது என்பது சரிதான். ஆனால் மூலை போய் கீழ்ப்பெட்டியின் நடுச்சுவரில் உட்காருவதால், தாங்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகக் குறையலாம். கனமான சரக்குக்கு நேர் அடுக்குதான் என் தேர்வு. சாயாமல் பிடிப்பதற்குக் கார்னர் போர்டும் ஸ்ட்ராப்பும் இருக்கின்றன.

அடிப்பெட்டி எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் நான்கு பெட்டி, 56 கிலோ. கிடங்கில் இதன்மேல் இன்னொரு பேலட் ஏற்றுவார்கள் என்றால் அந்த 700 கிலோவும் பேலட்டின் 25 கிலோவும் பத்துப் பெட்டிக்குப் பிரிந்து, ஒன்றுக்கு 72.5 கிலோ சேரும். ஆக ஏறத்தாழ 128 கிலோ. ஈரக்காற்று, நாள்கணக்கில் நிற்பது, குலுக்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் நான்கு மடங்கு வைக்கிறோம். ஆகவே பெட்டி சப்ளையரிடம் 515 கிலோவுக்குக் குறையாத கம்ப்ரெஷன் பலம் கேட்போம்.

பெட்டி பேலட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும், அந்தப் பக்கத்து மூலைகள் காற்றில் நிற்கும். கீழ் அடுக்கு நசுங்கிவரும் பேலட்டுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

4. கார்னர் போர்டு

போர்டுக்கு இரண்டு வேலை. ஸ்ட்ராப் பெட்டியை வெட்டாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. நான்கு மூலையிலும் தூண் போல நின்று, அடுக்குகள் தனித்தனியே நகராமல் ஒரே கட்டையாக வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவது வேலை நடக்க வேண்டுமென்றால் போர்டின் அடி பேலட்டின் மேல்பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாங்கள் சறுக்கியதும் இங்கேதான். முதலில் எங்கள் பெட்டியின் வெளியளவு 400 × 300 மி.மீ. பத்துப் பெட்டி 1200 × 1000 பேலட்டில் ஒரு மி.மீ. மிச்சமில்லாமல் நிரம்பும். காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 5 மி.மீ. போர்டை மூலையில் வைத்தால் அது பலகைக்கு வெளியே போய்விடுகிறது. ஃபிலிம் பிடித்திருக்கும் வரை அந்தரத்தில் தொங்கும். லாரி குலுங்கக் குலுங்க மெல்லக் கீழே இறங்கும். ஒரு பேலட்டில் போர்டின் அடி பலகை மட்டத்திலிருந்து 40 மி.மீ. கீழே இறங்கி, ஃபோர்க் பட்டு உளுத்த கரும்பு போல நார்நாராகப் பிரிந்திருந்தது. மேல் மூலையில் அதே அளவுக்குப் போர்டு இல்லாமல், பெட்டியில் ஸ்ட்ராப் வெட்டிய கோடு தெரிந்தது.

பெட்டியை 390 × 290 ஆகக் குறைத்தோம். ஒரு பக்கம் மூன்று நீளம், 1170. மறுபக்கம் ஒரு நீளமும் இரண்டு அகலமும், 970. சுற்றிலும் 15 மி.மீ. மிச்சம். போர்டு பலகைமேல் நிற்கிறது, பெட்டி கொஞ்சம் புடைத்தாலும் வெளியே போவதில்லை.

போர்டின் உயரம் அடுக்கின் உயரத்தோடு சரியாக இருக்கட்டும். நமக்கு 1250. நீளம் கூடினால், மேலே ஏற்றும் பேலட் நான்கு குச்சிமேல் நிற்கும், குச்சி வளையும். மேல் விளிம்புகளிலும் ஸ்ட்ராப் வரும் இடங்களில் ஒரு சாண் நீளத் துண்டு போர்டு வையுங்கள். நனைந்த போர்டைத் தூக்கிப்போடுங்கள். காய்ந்தாலும் அதன் அடுக்குகள் பிரிந்துதான் இருக்கும்.

5. ஸ்ட்ராப் போடுவது

கேள்வி எப்போதும் இதுதான்: பிபி எனும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பா, பெட்டா, இரும்பா? 'எது அறுபடாது' என்று பார்த்தால் எல்லோரும் இரும்பைத்தான் சொல்வார்கள். எங்கள் பேலட்டுகளில் ஸ்ட்ராப் அறுந்து நான் பார்த்தது மிகக் குறைவு. தளர்ந்து தொங்கியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணக்காகவே பார்க்கலாம். பேலட்டின் அடியில் நுழைந்து, மேலே சுற்றி வரும் ஒரு ஸ்ட்ராப்பின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அடுக்கு 12 மி.மீ. அமுங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 மி.மீ. தளர்வு கிடைக்கும். நாம் சாதாரணமாக முடுக்கும் அளவுக்கு இரும்பு ஸ்ட்ராப் அந்த 5 மீட்டரில் 7, 8 மி.மீ.தான் நீண்டிருக்கும். அது திரும்பச் சுருங்கினாலும் 24 மி.மீ. தளர்வை ஈடுகட்ட முடியாது, கழன்று தொங்கும். பெட் ஸ்ட்ராப்பை நன்றாக முடுக்கினால் நூற்றுக்கு ஒன்றோ அதற்கு மேலோ நீளும், அதாவது 50 மி.மீ.க்கு மேல். அடுக்கு அமுங்க அமுங்க அது பின்னாலேயே சுருங்கிப் பிடித்துக்கொண்டே வரும். பிபி இன்னும் அதிகம் நீளும். ஆனால் இழுவையிலேயே இருந்தால் ஓரிரு நாளில் அந்த நீட்டம் நிலைத்துவிடும், திரும்பச் சுருங்காது. ஆகவே பிபி பெட்டி கட்டுவதற்கு, இரும்பு அமுங்காத வார்ப்புக்கும் குழாய்க்கும், அமுங்கும் அட்டைப்பெட்டி அடுக்குக்கு பெட்.

நீளவாட்டில் இரண்டு, குறுக்கில் இரண்டு போடுங்கள். ஸ்ட்ராப் பேலட்டின் மேல்பலகைக்கு அடியில், ஃபோர்க் நுழையும் வழிக்குச் சற்று விலகி, நடுக்கட்டையை ஒட்டிப் போக வேண்டும். வழியின் நடுவே தொங்கினால் ஃபோர்க்லிஃப்ட் முதல் தூக்கிலேயே அதை அறுத்துவிடும். அடிப்பலகையையும் சேர்த்துச் சுற்றினால் தரையில் உரசித் தேய்ந்துபோகும்.

நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக முழு இறுக்கத்துக்கு முடுக்காதீர்கள். முதல் ஸ்ட்ராப் இறுகும்போது அடுக்கு அமுங்கும், நாலாவது முடியும்போது முதலாவது தளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் முதலில் பாதி இறுக்கத்தில் நிறுத்துங்கள். அப்புறம் எதிரெதிராக முழுதாக முடுக்கிக் கிளிப் அடியுங்கள். எவ்வளவு முடுக்குவது? மேல் விளிம்பில் இருக்கும் துண்டு போர்டு பெட்டியோடு ஒட்டி, பெட்டி மூடி இலேசாக அமுங்கத் தொடங்கும் இடம் போதும். போர்டு பெட்டிக்குள் புதைய ஆரம்பித்தால் நீங்களே பெட்டியை நசுக்குகிறீர்கள்.

கிளிப் மூலையில் வரக் கூடாது. வளைவில் அடித்த கிளிப் வாய் திறந்துகொள்ளும். மேல்பக்கத்தில் தட்டையான இடத்தில் அடியுங்கள். பெட் ஸ்ட்ராப்புக்கு உட்புறம் சொரசொரப்பான கிளிப்தான் வேண்டும், வழவழப்பான கிளிப்பில் ஸ்ட்ராப் வழுக்கிக்கொண்டு வரும். மாதம் ஒரு முறை ஒரு துண்டு ஸ்ட்ராப்பில் கிளிப் அடித்து, செயின் பிளாக்கில் தொங்கு தராசோடு மாட்டி, அறும் வரை இழுத்துப் பார்க்கிறோம். ஸ்ட்ராப் கிழிந்தால் சரி. கிளிப்பிலிருந்து நழுவி வந்தால் சீலரின் பல் தேய்ந்திருக்கிறது. இதைச் செய்யும்போது கண்ணாடி போட்டு, இழுவையின் நேர்கோட்டில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்குத்து ஸ்ட்ராப் முடிந்த பிறகு, கார்னர் போர்டுகளைச் சுற்றிக் கிடைவாக்கில் இரண்டு. ஒன்று கால்வாசி உயரத்தில், ஒன்று முக்கால்வாசியில். இதையும் செங்குத்துக்கு முன்னால் போட்டுவிடாதீர்கள். அடுக்கு அமுங்கும்போது போர்டைக் கூடவே இழுத்து வளைக்கும்.

6. ஸ்ட்ரெட்ச் ஃபிலிம்

ஃபிலிம் கடைசியில்தான். முன்னால் சுற்றினால், ஸ்ட்ராப் முடுக்கும்போது பெட்டிகள் அமுங்கி ஃபிலிமில் சுருக்கம் விழும். சுருங்கிய ஃபிலிம் பிளாஸ்டிக் போர்வை மட்டுமே, எதையும் பிடிக்காது.

முதல் நான்கு சுற்று அடியில். ஃபிலிமின் கீழ் ஓரத்தைக் கயிறு போல முறுக்கி, பேலட்டின் மேல்பலகை விளிம்புக்கு அடியில் மாட்டும்படி இழுத்துச் சுற்றுங்கள். பெரும்பாலானவர்கள் விடுவது இதைத்தான். பெட்டிகளை மட்டும் அழகாகச் சுற்றி விடுவார்கள், பேலட்டைச் சேர்க்கமாட்டார்கள். லாரி பிரேக் போட்டால் பெட்டிகள் ஒரே மூட்டையாகப் பேலட்டின் மேல் சறுக்கும். முறுக்காமல் முழு அகலத்தையும் கீழே இறக்கினால் ஃபோர்க் வழி மூடி, அது கிழிந்துபோகும்.

அப்புறம் மேலே ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். உச்சியில் மூன்று சுற்று, ஃபிலிம் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு கையகலம் மடியும்படி. பிறகு இறங்கி வந்து அடியில் இரண்டு. நம் பேலட்டுக்கு மொத்தம் 18 முதல் 20 சுற்று வரும். மூலையைத் திரும்பும்போது இழுவையைக் கொஞ்சம் விடுங்கள், பக்கவாட்டில் நடக்கும்போது இழுங்கள். மூலையில் இழுத்தால் ஃபிலிம் அங்கேயே மெலிந்து ஓட்டை விழும். சோர்வாகும்போது எல்லோருக்கும் இழுவை குறையும். அதனால் ஓர் ஆள் தொடர்ந்து ஆறு பேலட்டுக்கு மேல் சுற்ற நான் விடுவதில்லை.

சுற்றியபின் ஃபிலிமை விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். விட்டதும் பட்டென்று பெட்டியில் ஒட்ட வேண்டும். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றால் அது தளர்ச்சி.

7. ஷ்ரிங்க் எப்போது

திறந்தவெளியில் வாரக்கணக்கில் நிற்கும் சரக்குக்கும், ஃபிலிம் சுற்ற வாட்டமில்லாத கோணல்மாணல் உருவத்துக்கும்தான். 100 முதல் 150 மைக்ரான் பை போல மேலிருந்து கவிழ்த்து, கேஸ் துப்பாக்கியால் சூடு காட்டுவார்கள். அடியிலிருந்து தொடங்குங்கள். அடி சுருங்கிப் பேலட்டின் பலகைக்குக் கீழே மடிந்து பிடித்துக்கொண்டால்தான், மேலே சுருங்கும்போது அது கழன்று மேலேறாது. பிறகு பக்கங்கள், உச்சி கடைசி. துப்பாக்கியை ஓர் இடத்தில் நிறுத்தினால் ஓட்டை. இந்த வேலையைக் கிடங்குக்குள் செய்யவே கூடாது. வெளியே, பக்கத்தில் தீயணைப்பானோடு செய்யுங்கள். ஈரப் பேலட்டை இப்படி மூடினால் உள்ளே வியர்த்து, அட்டை ஊறிவிடும்.

8. குலுக்கிப் பார்ப்பது

இஸ்டா 1ஏ முறையில் குலுக்கு மேஜை 25 மி.மீ. மேலும் கீழும் போய்வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சரக்கு மேஜையை விட்டுத் துள்ளி, அதன் அடியில் 1.6 மி.மீ. தகடு நுழையும் வேகம்தான் சோதனை வேகம். மொத்தம் 14,200 குலுக்கல். நிமிடத்துக்கு 270 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். முழு பேலட்டுக்கு 1இ என்று தனி முறை இருக்கிறது. சான்றிதழ் கேட்கும் வாடிக்கையாளருக்கு இதற்கான மேஜை உள்ள ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் இந்தியப் பேக்கேஜிங் கழகத்தின் கிளை இருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன் லாரியிலேயே பார்த்துவிடுங்கள். பாதிக் குறைகள் அங்கேயே தெரிந்துவிடும். சோதனைப் பேலட்டைக் கடைசியில், பின் அச்சுக்கும் பின்னால் வையுங்கள். குலுக்கல் அங்கேதான் அதிகம். வண்டியில் வேறு சரக்கு குறைவாக இருப்பது நல்லது. பட்டை ஸ்பிரிங் கனத்தில் அமுங்கியிருந்தால் வண்டி சுகமாகப் போகும், காலியாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் உதறும். பேலட்டைச் சுற்றி யாரும் உட்கார்ந்து வரக் கூடாது.

கிளம்பும் முன் மூன்று வேலை. நான்கு பக்கமும் ஃபிலிமுக்குள் பெட்டிகளின்மேல், உச்சியிலிருந்து அடி வரை மார்க்கரால் ஒரே செங்குத்துக் கோடு போடுங்கள் (ஃபிலிம் சுற்றும் முன்பே போட்டுவிட வேண்டும்). எந்த அடுக்கு நகர்ந்தாலும் அந்த இடத்தில் கோடு உடைந்து தெரியும். நான்கு மூலையிலும் உயரம் அளந்து எழுதுங்கள். எவ்வளவு ஆனால் தோல்வி என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நாங்கள் வைத்திருப்பது: உச்சி 25 மி.மீ.க்கு மேல் சாயக் கூடாது, எந்த ஸ்ட்ராப்பும் பெட்டியை விட்டு விலகித் தொங்கக் கூடாது, ஒரு பெட்டி மூலைகூட நசுங்கக் கூடாது. முடிவைப் பார்த்தபின் எல்லை போட்டால், லாரி நிற்கிறதே என்ற அவசரத்தில் எல்லையும் கூடவே நகரும்.

10, 50, 150 கிலோமீட்டரில் நிறுத்தி அளந்தோம். இரும்பு ஸ்ட்ராப் போட்ட எங்கள் பழைய பேலட் 10 கிலோமீட்டரில் 7 மி.மீ. அமுங்கியது, 50இல் 10, 150இல் 12. ஆறில் ஐந்து பங்கு அமுங்கல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. 50 கிலோமீட்டரில் ஸ்ட்ராப்புக்கும் போர்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. வீடு திரும்பும்போது மேல் இரண்டு அடுக்கில் கோடு 30 மி.மீ. விலகியிருந்தது.

9. பேலட்டின் விளிம்பைப் போடுவது

குலுக்கிய அதே பேலட்டை, கட்டை அவிழ்க்காமல் இதற்குக் கொண்டுவாருங்கள். புதுப் பேலட்டைப் போட்டால் தப்பித்துவிடும். தளர்ந்த பேலட்டைத்தான் இறக்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் தரையில் டொக்கென்று வைக்கப்போகிறது.

ஒரு விளிம்பின் அடியில் 100 மி.மீ. கட்டை வைத்து, எதிர் விளிம்பை 200 மி.மீ. தூக்கி விடுங்கள். நான்கு விளிம்பும், ஒவ்வொன்றும் ஒரு தடவை. தூக்குவதற்கு ஃபோர்க்கும், விடுவதற்குக் கயிறு கட்டி இழுக்கும் ஒரு முட்டுக்கட்டையும் போதும். 700 கிலோ சாயக்கூடிய இடம் இது. நான்கு பக்கமும் மூன்று மீட்டர் தூரத்துக்கு ஆள் வேண்டாம், காலை அடியில் நீட்டி யாரும் எதையும் சரிசெய்ய வேண்டாம்.

பிறகு அவிழ்த்து, அடி அடுக்கின் பத்துப் பெட்டிகளையும் உச்சி மூலைகளின் நான்கு பெட்டிகளையும் திறந்து பாருங்கள். நடுவில் இருப்பவை பொதுவாக நன்றாகவே இருக்கும், அவற்றைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

10. எதை மாற்றுவது

அடையாளத்தை வைத்துக் காரணத்தைத் தேடுங்கள். கோடு ஒரே அடுக்கில் உடைந்திருந்தால் அந்த இடத்தில் கிடை ஸ்ட்ராப்போ ஃபிலிமோ போதவில்லை. கோடு உடையாமல் மொத்த அடுக்கும் பேலட்டின்மேல் நகர்ந்திருந்தால் அடிச்சுற்றில் ஃபிலிம் பலகையைப் பிடிக்கவில்லை. அடி அடுக்கின் மூலை மட்டும் நசுங்கினால் பெட்டி வெளியே நீட்டுகிறது. அடி அடுக்கு முழுதும் சமமாகப் புடைத்தால் பெட்டியின் பலமே குறைவு, கட்டும் முறையை எவ்வளவு மாற்றினாலும் தீராது.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நாங்கள் முதலில் இரும்பை எடுத்துவிட்டு பெட் ஸ்ட்ராப் போட்டோம், வேறெதையும் தொடவில்லை. அமுங்கல் அதே 12 மி.மீ. ஆனால் 150 கிலோமீட்டருக்குப் பிறகும் ஸ்ட்ராப்புக்கு அடியில் விரல் நுழையவில்லை, கோட்டின் விலகல் 30இலிருந்து 14க்கு வந்தது. அடுத்த ஓட்டத்தில் பெட்டியை 390 × 290 ஆக்கி, போர்டைப் பலகைமேல் உட்காரவைத்தோம். விலகல் 6. இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தால் எது எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்திருக்காது. அடுத்த வருடம் யாராவது செலவைக் குறைக்க ஒன்றை எடுத்துவிடச் சொல்லும்போது பதில் சொல்லவும் வழியிருந்திருக்காது.

அந்த மூன்று ஓட்டத்தின் அளவுகளும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, ஃபிலிம் ரோல் வைக்கும் அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பெட்டி சப்ளையர், ஸ்ட்ராப் அளவு, லாரி மார்க்கம், இந்த மூன்றில் எது மாறினாலும் எட்டாவது படியிலிருந்து மறுபடி ஓட்டுவோம். பெட்டியோ உள்ளே இருக்கும் பம்ப்போ மாறினால் இரண்டாவது படியிலிருந்து.